இரண்டு விரல் வித்தியாசம்

நர்சிங் மாணவிகள் எழுதும் பிரசவத்துக்குப் பிந்தைய கேஸ் ஸ்டடிகளில் முதல் பாதி பெரும்பாலும் பாடப்புத்தகம்தான். கருப்பை நாளுக்கு ஒரு விரற்கடை அளவு இறங்கும், பத்துப் பன்னிரண்டு நாளில் வயிற்றில் கைக்குத் தட்டுப்படாது என்று எழுதிவிட்டு, தாங்கள் பார்த்த தாய்க்கும் அதையே நிரப்பிவிடுவார்கள். ஆசிரியர் தேடுவது அந்தத் தாயை.

சுகப்பிரசவமாகி இரண்டாம் நாளில் இருக்கும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கருப்பையின் மேல்விளிம்பு தொப்புளுக்குக் கீழே இருக்க வேண்டும். மாணவி தொட்டுப் பார்க்கும்போது ஒரு விரல் மேலே, வலப்பக்கம் ஒதுங்கி, சற்றுத் தளர்வாக இருக்கிறது. உதிரப்போக்கும் கொஞ்சம் கூடுதல். மருத்துவச்சி முதலில் கேட்பது, "ஒண்ணுக்குப் போய் எவ்வளவு நேரமாச்சும்மா?" தையல் எரியும் என்று பயந்து காலையிலிருந்து போகவில்லை. போய்வந்த பிறகு கருப்பை நடுவில், கெட்டியாக, தொப்புளுக்கு ஒரு விரல் கீழே.

எழுத வேண்டியது இதைத்தான்: இரண்டு அளவுகளும், நேரமும், சிறுநீரின் அளவும். நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையை மேலே தள்ளுகிறது, சுருங்கவும் விடுவதில்லை. சுருங்காத கருப்பையில் ரத்தக்குழாய்கள் அழுத்தி மூடப்படாததால் போக்கு கூடுகிறது. சிறுநீர் கழித்தும் தளர்வு நீடித்தால் காரணம் வேறு. உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். தாயின் பெயர் மட்டும் தாளில் வேண்டாம்.