ஐந்து ஜிபி எப்படி ஆயிரம் பாட்டானது?

மக்கள் தொடர்பு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேரும் இளைஞர் கையில் முதலில் வருவது பொறியாளர்கள் எழுதிய தயாரிப்புக் குறிப்பு. அதிலிருந்து பத்திரிகைச் செய்திக்குறிப்பு எழுத வேண்டும். குறிப்பின் வரிசையிலேயே எழுதத் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு.

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் ஐபாடை அறிமுகப்படுத்தியது. கருவியின் கொள்ளளவு 5 ஜிபி. ஆனால் செய்திக்குறிப்பின் துணைத் தலைப்பு பேசியது, சட்டைப்பைக்குள் ஆயிரம் பாட்டு என்பதைத்தான். எடை, 399 டாலர் விலை, நவம்பர் 10 முதல் விற்பனை என்பவை பின்னால் வந்தன.

இந்த ஆயிரம் வெறும் அலங்காரமல்ல. நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 4.8 எம்பி பிடிக்கும். ஆயிரம் பாட்டுக்கு 4.8 ஜிபி. கணக்கு சரியாக இருக்கிறது. தரத்தைக் கூட்டினால் எண்ணிக்கை குறையும். அதனால்தான் "ஆயிரம் வரை" என்று எழுத வேண்டும். வரைவைத் திருத்தும்போது அந்த "வரை" காணாமல் போனால், வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

முதல் ஐபாட் மேக் கணினியோடுதான் இயங்கியது. இப்படிப்பட்ட வரம்பைக் கடைசிப் பத்திக்குத் தள்ளக்கூடாது. ஆசிரியர்கள் இடத்துக்கேற்பச் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். முதலில் போவது அந்த வரிதான்.

தலைவரின் மேற்கோளைப் பயிற்சியாளரே வரைவது வழக்கம். ஆனால் அவர் படித்து, எழுத்தில் ஒப்புதல் தரும்வரை அது அவருடைய பேச்சாகாது.