56 நாள், ஆறு பாடம்: ஓர் அட்டவணையின் கணக்கு

பிளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்கும்போது பல வீடுகளில் சுவரில் ஓர் அட்டவணை ஏறும். காலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆறு பாடங்களுக்கும் ஆறு நிறம் தீட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அது இரண்டாவது வாரம் தாண்டுவதில்லை. மாணவரின் சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் திட்டுவார்கள். ஆனால் பல நேரம் பிழை கணக்கில்தான் இருக்கிறது.

2025-ஆம் ஆண்டு நாட்காட்டியை வைத்தே பார்க்கலாம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வு மார்ச் 3 அன்று தொடங்கியது. அங்கிருந்து எட்டு வாரம் பின்னால் எண்ணினால் ஜனவரி 6, திங்கட்கிழமை. கையில் 56 நாள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், தமிழ், ஆங்கிலம் படிக்கும் ஒரு மாணவி அன்று உட்கார்ந்து அட்டவணை போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

பள்ளி, ஸ்பெஷல் கிளாஸ் போக வார நாளில் அவளுக்கு நான்கு மணி நேரம் கிடைக்கும். சனி, ஞாயிறில் ஐந்து மணி. வாரத்துக்கு 30, எட்டு வாரத்துக்கு 240 மணி நேரம். இந்த 240-ஐ அப்படியே கட்டங்களில் நிரப்பும்போதுதான் அட்டவணை உடைகிறது. இடையில் பொங்கல் வரும். திருப்புதல் தேர்வு வரும். பிப்ரவரியில் பிராக்டிகல் வரும். ரெக்கார்டு நோட்டை முடித்துக் கையெழுத்து வாங்க இரண்டு மாலைகள் போகும், ஒரு காய்ச்சலுக்கு மூன்று நாள். ஆகவே ஐந்தில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது ஏறக்குறைய 190 மணி நேரம்.

அதை ஆறால் வகுத்தால் பாடத்துக்கு 32 மணி வரும். பார்க்க நியாயமாக இருந்தாலும் அது சரியான பங்கீடு அல்ல. கணிதத்தில் 12 அத்தியாயங்கள், இயற்பியலில் 11 அலகுகள், வேதியியலில் 15. உயிரியல் என்பதோ தாவரவியல், விலங்கியல் என்று இரண்டு புத்தகம். தமிழும் ஆங்கிலமும் வேறு வகை. அவற்றை மொத்தமாக அள்ளிப் படிப்பதைவிட நாள்தோறும் தொட்டுக்கொண்டிருப்பதே பலன் தரும். எனவே கணிதத்துக்கு 50, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 40, உயிரியலுக்கு 35, மொழிப்பாடங்கள் இரண்டுக்கும் சேர்த்து 25 என்று அவள் பிரிக்கலாம். மொழிகளுக்கான நேரம் நாளுக்கு அரை மணியாகச் சிதறிவிடும். மனப்பாடப் பாடலும் குறளும், தலை களைத்துப்போன இரவு ஒன்பது மணிக்கும் ஏறும். தொகை நுண்கணிதம் ஏறாது.

இயற்பியலின் 40 மணியை மட்டும் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். முதல் சுற்றுக்கு ஓர் அலகுக்கு இரண்டு மணி வீதம் 22 மணி. இரண்டாம் சுற்றுக்கு அலகுக்கு ஒரு மணி வீதம் 11. மீதி ஏழில் மூன்று மணி நேர முழு மாதிரித் தேர்வுகள் இரண்டு. கடைசி ஒரு மணி, விடைத்தாளைத் திருத்திப் பார்க்க. வாரத்துக்கு இரண்டு அலகு வீதம் போனால், ஆறாம் வாரத் தொடக்கத்தில் முதல் சுற்று முடிந்துவிடும்.

இரண்டாம் சுற்று, முதல் சுற்று முழுதும் முடியும்வரை காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான அட்டவணைகள் தவறுவது இங்கேதான். ஜனவரி 6 அன்று நிலைமின்னியலைப் படித்தவள் அடுத்து அதைப் பிப்ரவரி நடுவில் திறந்தால், புதிய பாடத்தைப் படிப்பது போலிருக்கும். மறுநாளே திறந்தால் எல்லாம் நினைவில் இருக்கும். அந்த ஒரு மணி வீண். 2008-இல் செபெடாவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், 35 நாள் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு படிப்புக்கும் இடையே 11 நாள் இடைவெளி விட்டதே சிறந்த பலன் தந்தது. அதில் கற்றவை பொது அறிவுத் துணுக்குகள், இயற்பியல் அல்ல. ஆகவே 11 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பத்து நாளுக்கு முன்பின் என்று கொண்டால் போதும். நம் மாணவியின் நிலைமின்னியல் பொங்கல் கழிந்து ஜனவரி 17, வெள்ளிக்கிழமை திரும்பி வரும்.

அன்று அவள் என்ன செய்ய வேண்டும்? பாடத்தைத் திரும்ப வாசிக்கக் கூடாது. புத்தகத்தை மூடிவைத்து, வெள்ளைத் தாளில் மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலத்துக்கான கோவையை வருவிக்க வேண்டும். காஸ் விதியின் பயன்பாடு ஒன்றை எழுத வேண்டும். பிறகு புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்கள். எல்லாம் முடிந்த பின்பே புத்தகத்தைத் திறந்து, தடுக்கிய வரியில் சிவப்பு மை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை நான்கு முறை வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் சுமார் 40 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஒரே முறை வாசித்து, மூன்று முறை பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவீதத்தை. ஐந்து நிமிடத்துக்குப் பின் கேட்டபோது மட்டும், வாசித்துக்கொண்டே இருந்தவர்களே முந்தினார்கள். நேற்றிரவு படித்தது காலையில் தலைகீழாகத் தெரிகிறதே என்று மாணவர் ஏமாறுவது இதனால்தான்.

கணிதத்தில் இன்னொரு வலை இருக்கிறது. ஒரே பயிற்சியின் பதினைந்து கணக்கை வரிசையாகப் போட்டால், ஐந்தாவதிலிருந்து கை தானாக ஓடும். தேர்வுத்தாளிலோ இது எந்த அத்தியாயக் கணக்கு என்று யாரும் எழுதிவைப்பதில்லை. ரோரரும் டெய்லரும் 2007-இல் கனஅளவு கணக்குகளை வைத்துச் செய்த சோதனையில், கலந்து பயின்றவர்கள் பயிற்சியின்போது அதிகம் தவறினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்கள் 63 சதவீதம் எடுத்தார்கள். வகைவகையாகப் பயின்றவர்கள் 20-ஐத் தாண்டவில்லை. எனவே நான்காம் வாரத்திலிருந்து, முடித்த அத்தியாயங்களின் கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுவிடலாம். நாளுக்கு ஆறு சீட்டு. கலப்பெண்ணுக்கு அடுத்துப் பரவளையம் வரும், அதற்கு அடுத்து அணிக்கோவை. சில நாள் எரிச்சல்தான்.

அட்டவணை பின்தங்கும்போது என்ன செய்வது? செவ்வாய் விட்டதைப் புதனில் திணித்தால் புதனுக்குரியது வியாழனுக்குப் போகும். வெள்ளிக்குள் எல்லாம் சரிந்துவிடும். ஞாயிறு மாலையில் எதையும் எழுதாமல் காலியாக விட்டு, விட்டதெல்லாம் அங்கே போகட்டும். அங்கும் அடங்காவிட்டால், நன்றாகத் தெரிந்த அலகின் இரண்டாம் சுற்றை அரை மணியாகக் குறைக்கலாம். தெரியாத அலகின் முதல் சுற்றைக் கைவிடக் கூடாது. அலகு முழுவதையும் சாய்ஸில் விட்டுவிடுகிறேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இயற்பியல் தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்களுக்குச் சாய்ஸே கிடையாது. இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் தலா ஒரு கட்டாய வினா உண்டு.

ஏழாம், எட்டாம் வாரங்கள் முழுத் தேர்வுக்கு. விடுமுறை நாளில் காலை 10 மணிக்கு உட்கார்ந்து, முதல் 10 நிமிடம் வினாத்தாளை வாசித்து, விவரம் நிரப்பும் 5 நிமிடத்தையும் விட்டுவிட்டு, 10.15-க்கு எழுதத் தொடங்கி 1.15-க்குப் பேனாவை வைக்க வேண்டும். இழந்த மதிப்பெண்ணை மூன்றாகப் பிரிப்பது நல்லது: தெரியாதது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாதது. நேரம் போதாமல் ஐந்து மதிப்பெண் வினா இரண்டு நின்றுபோயிருந்தால், மேலும் படிப்பதால் அது சரியாகாது; கடிகாரத்தை வைத்து எழுதிப் பழக வேண்டும். தெரியாதது என்ற பட்டியல்தான், மார்ச்சில் ஒரு தேர்வுக்கும் அடுத்த தேர்வுக்கும் இடையே வரும் நாட்களின் அட்டவணை.