பாரம் ஏறும் முன்பே முனையில் விரிசல்

கான்கிரீட்டை நசுக்குவது கடினம், இழுத்துப் பிய்ப்பது சுலபம். நசுக்கும் விசையைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது இழுவிசையில் தாங்காது. பீம் மீது பாரம் வைத்தால் அதன் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் நெருக்கப்படும். சாதாரண பீமில் அடியில் போடும் இரும்புக் கம்பி அந்த இழுவிசையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கம்பி வேலை செய்யத் தொடங்குவதற்குள் கான்கிரீட்டில் மெல்லிய விரிசல்கள் விழுந்துவிடும்.

பாரம் வருவதற்கு முன்பே கான்கிரீட்டை நெருக்கி வைத்துவிட்டால் என்ன என்பதுதான் ப்ரீஸ்ட்ரெஸ் கான்கிரீட்டின் அடிப்படை. கட்டை வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவார்கள். குளிர்ந்து சுருங்கும் பட்டை மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பீமில் அந்த வேலையைச் செய்வது ஸ்ட்ராண்டு எனப்படும், ஏழு கம்பிகளை முறுக்கிய எஃகு வடம். பிரான்சின் யூஜின் ஃப்ரெசினே இந்த முறைக்கு 1928இல் காப்புரிமை பெற்றார். கான்கிரீட் காலப்போக்கில் தானே சுருங்கும், அழுத்தத்தில் மெல்ல மெல்லக் குறுகும். சாதாரண இரும்பின் இழுப்பு அதிலேயே கரைந்துபோகும், மிக வலிமையான எஃகை மிக அதிகமாக இழுத்தால்தான் கடைசியில் ஏதாவது மிஞ்சும் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். இன்றும் கணக்குப் போடும்போது முதலில் கொடுத்த இழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்று வைத்துக்கொள்கிறோம்.

பீம் வார்க்கும் யார்டுகளில் நீண்ட படுகையின் இரு முனைகளுக்கும் இடையே ஸ்ட்ராண்டுகளை ஜாக்கியால் இழுத்துக் கட்டி, அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். அது போதிய பலம் பெற்றதும் முனையில் ஸ்ட்ராண்டை விடுவிப்பார்கள். சுருங்கப் பார்க்கும் ஸ்ட்ராண்டு, தன்னைப் பற்றியிருக்கும் கான்கிரீட்டை நெருக்கும். இரு முனைகளுக்கு இடையே இழுத்த வடம் நேர்க்கோடாகத்தான் நிற்கும். வளைக்க வேண்டுமானால் நடுவில் கீழே பிடித்து இழுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். ஆகவே நேர்க் கம்பிதான் மலிவு, நேர்க் கம்பிதான் வழக்கம். சிக்கலும் அந்த நேரில்தான் இருக்கிறது.

ஓர் எளிய பீமை எடுத்துக்கொள்வோம். 300 மி.மீ. அகலம், 600 மி.மீ. உயரம், 8 மீட்டர் நீளம், இரு முனைகளிலும் தாங்கப்பட்டது. 12.7 மி.மீ. ஸ்ட்ராண்டுகள் ஆறு, மூன்று மூன்றாக இரண்டு வரிசை, அடியிலிருந்து 75 மி.மீ. உயரத்திலும் 125 மி.மீ. உயரத்திலும். சராசரி 100 மி.மீ. பீமின் மையம் 300 மி.மீ. உயரத்தில் இருப்பதால், இழுப்பு மையத்துக்கு 200 மி.மீ. கீழே அமைகிறது. இதுதான் மையவிலகல். ஒவ்வொன்றிலும் 120 கிலோநியூட்டன் என்றால் மொத்தம் 720. சுமார் 73 டன் எடைக்குச் சமமான நெருக்கு.

எந்த வெட்டுமுகத்திலும் மேல்விளிம்பின் தகைவை மூன்று துண்டுகளாகக் கூட்டிவிடலாம். நெருக்கினால் கூட்டல், இழுத்தால் கழித்தல்.

```
மேல்விளிம்பு = P/A − P·e/Z + M/Z
அடிவிளிம்பு = P/A + P·e/Z − M/Z
```

P என்பது ஸ்ட்ராண்டின் விசை, e மையவிலகல், M அந்த இடத்தில் பாரத்தால் வரும் வளைவுத் திருப்புத்திறன். A வெட்டுமுகப் பரப்பு, இங்கே 1,80,000 சதுர மி.மீ. Z அந்த முகத்தின் வளைவு எதிர்ப்பு எண், 1.8 கோடி கன மி.மீ. முதல் துண்டு முகம் முழுவதும் சமமாகப் பரவும் நெருக்கு: 4. இரண்டாவது, மையம் விலகி இழுப்பதால் வரும் வளைவு: 8. இனி வரும் தகைவுகள் எல்லாம் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கு.

பீமின் சொந்த எடை மீட்டருக்கு 4.5 கிலோநியூட்டன். அது நடுவில் தரும் தகைவு 2. ஸ்ட்ராண்டை விடுவித்ததும் நடுவில் மேல்விளிம்பு 4 − 8 + 2, அதாவது 2 அளவு இழுபடுகிறது. அடிவிளிம்பு 4 + 8 − 2, அதாவது 10 அளவு நெருக்கப்படுகிறது. பிறகு காலம் ஓடி ஐந்தில் ஒரு பங்கு இழுப்பு போனதும், மேலே மீட்டருக்கு 17 கிலோநியூட்டன் பாரம் ஏறுகிறது என்று வையுங்கள். அது தரும் தகைவு 7.56. அடிவிளிம்பில் ஸ்ட்ராண்டு தந்த 12 இப்போது 9.6 ஆகியிருக்கும். சொந்த எடை 2, பாரம் 7.56 கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய பூஜ்ஜியம். முழுப் பாரத்திலும் அடியில் இழுவிசை இல்லை. நடுப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு அமையாது. பாரம் அதிகமாக வருமிடம் நடுதானே என்று இத்துடன் நிறுத்திவிடத் தோன்றும். அங்கேதான் தவறு நிகழ்கிறது.

தாங்கியின் அருகே வாருங்கள். அங்கே வளைவுத் திருப்புத்திறன் பூஜ்ஜியம். ஆனால் ஸ்ட்ராண்டு நடுவில் இருந்த அதே ஆழத்தில், அதே விசையுடன் முனை வரை ஓடுகிறது. அடிவிளிம்பில் 12 அளவு நெருக்கு. 35 தரத்துக்கு இறுகிய கான்கிரீட்டுக்கு அது பெரிதல்ல. மேல்விளிம்பில் 4 − 8, அதாவது 4 அளவு இழுவிசை. அதைத் தணிக்க அங்கே எந்த எடையும் இல்லை. அந்த வயதுக் கான்கிரீட் வளைவில் விரிசல் விடும் அளவே சுமார் 4.1தான். இந்திய விதிநூலான ஐ.எஸ். 1343, முதல் வகை பீமில் இழுவிசையே கூடாது என்கிறது. இரண்டாம் வகையில் 3 வரை அனுமதிக்கிறது. ஆக, பீம் இன்னும் யார்டை விட்டே வெளியேறவில்லை, ஒரு கிலோ பாரமும் ஏறவில்லை, முனை எல்லையைத் தாண்டிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெட்டப்பட்ட ஸ்ட்ராண்டு தன் விசையை முனையிலேயே முழுதாக இறக்கிவிடாது. கான்கிரீட்டின் பற்றுதலால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, தன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ அறுபது மடங்கு தூரத்தில்தான் முழு விசையையும் அடையும். இங்கே அது சுமார் 76 செ.மீ. ஆகவே சோதிக்க வேண்டிய இடம் சரியாக முனை அல்ல, முனையிலிருந்து 76 செ.மீ. உள்ளே. அந்த இடத்துக்குச் சொந்த எடையின் உதவி சிறிது கிடைக்கிறது. ஸ்ட்ராண்டை விடுவித்தவுடன் பீம் நடுவில் சுமார் 6 மி.மீ. மேலே வளைந்து படுகையை விட்டு எழும்பும். முனைகள் மட்டும் தரையில் நிற்கும். அதனால் சொந்த எடை அந்தக் கணமே வேலைக்கு வந்துவிடுகிறது. 76 செ.மீ.யில் அது தருவது 0.69. இழுவிசை 4இலிருந்து 3.31 ஆகிறது. இன்னமும் 3ஐத் தாண்டித்தான் நிற்கிறது.

ஸ்ட்ராண்டுகளை மேலே தூக்கிவிடலாமே என்று கேட்கலாம். மையவிலகலை உயரத்தில் ஆறில் ஒரு பங்காக, அதாவது 100 மி.மீ. ஆக்கினால் மேல்விளிம்பின் இழுவிசை முனையிலும் பூஜ்ஜியமாகிவிடும். ஆனால் நடுப்பகுதி அதற்கு விலை கேட்கும். அதே பாரத்தில் அடி இழுபடாமல் இருக்க 720 போதாது, சுமார் 1,075 கிலோநியூட்டன் வேண்டும். ஆறு ஸ்ட்ராண்டு ஒன்பதாகும். முனையின் ஒரு மீட்டர் பிரச்சினைக்காக எட்டு மீட்டர் நீளத்துக்கும் ஒன்றரை மடங்கு எஃகு போடுவது நல்ல தீர்வு என்று நான் நினைக்கவில்லை.

யார்டுகளில் செய்வது வேறு. சில ஸ்ட்ராண்டுகளின் முனைப்பகுதிக்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டிவிடுவார்கள். குழாய் இருக்கும் நீளத்துக்குக் கான்கிரீட் பற்றாது. அங்கே அந்த ஸ்ட்ராண்டு இல்லாததற்குச் சமம். நம் பீமில் கீழ்வரிசையின் நடு ஸ்ட்ராண்டு ஒன்றுக்கு மட்டும் இரு முனையிலும் அரை மீட்டர் குழாய் போட்டுப் பார்ப்போம். மீதி ஐந்தின் விசை 600, மையவிலகல் 195 மி.மீ. 76 செ.மீ.யில், ஆறாவது ஸ்ட்ராண்டு அதற்குள் ஏற்றிய பகுதி விசையையும் சேர்த்தால், மேல்விளிம்பு இழுவிசை 2.76. ஆறாவது ஸ்ட்ராண்டு 1.26 மீட்டரில் முழு விசைக்கு வரும்போது சொந்த எடையின் உதவி 1.06 ஆகிவிட்டிருக்கும், அங்கே இழுவிசை 2.94. இரண்டு இடத்திலும் 3க்குள் வந்தாயிற்று. நடுப்பகுதிக் கணக்கில் ஓர் எண்கூட மாறவில்லை. ஆனால் முனையில் வெட்டுவிசையைத் தாங்க உதவும் நெருக்கு இப்போது சற்றுக் குறைந்திருக்கிறது. அந்தச் சோதனையை மறுபடி போட வேண்டும். குழாயின் வாயை டேப்பால் இறுக்கமாக அடைத்திருக்க வேண்டியதும் முக்கியம். சிமென்ட் பால் உள்ளே கசிந்து இறுகினால் ஸ்ட்ராண்டு பற்றிக்கொள்ளும், காகிதத்தில் 2.76 என்று எழுதிய இடத்தில் பழைய 3.31 திரும்பி வரும்.

இவ்வளவும் பீம் முனைகளில் நிற்கும் வரைக்கும்தான். கிரேன் தூக்கும்போது கொக்கி எங்கே இருக்கிறதோ அதுதான் தாங்கி. முனையிலிருந்து 1.5 மீட்டர் உள்ளே கொக்கி வைத்தால், வெளியே தொங்கும் பகுதி தன் எடையால் மேல்விளிம்பை இன்னும் 0.28 இழுக்கும். ஸ்ட்ராண்டுகள் ஆறும் அங்கே முழு விசையில் இருக்கின்றன. அரை மீட்டர் குழாய் அந்த இடத்துக்கு எட்டாது. மொத்தம் 4.28. விரிசல் விடும் 4.1ஐத் தாண்டியாகிவிட்டது, கிரேனின் குலுக்கலைச் சேர்க்காமலே. பீம்களை அடுக்கும்போது கட்டைகளை முனைக்கு அடியில் வைக்காமல் உள்ளே தள்ளி வைத்தாலும் இதே கதைதான். மேல்பக்கத்தில், கொக்கிக்கு அருகே குறுக்காக ஓடும் மயிரிழை விரிசல்கள் அதன் அடையாளம். பார்க்கச் சிறந்த நேரம், நீர் தெளித்த பீம் காயும்போது. சுற்றிலும் உலர்ந்த பிறகும் விரிசலின் கோடு ஈரமாகத் தெரியும்.

அதனால் கொக்கியை முனைக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோவார்கள். மேல்பக்கத்தில் சாதாரணக் கம்பியும் போடுவார்கள். மேலே 4 இழுவிசை, அடியில் 12 நெருக்கு என்றால், மேலிருந்து 150 மி.மீ. ஆழம் வரை இழுபடுகிறது. அந்தப் பகுதியின் மொத்த இழுவிசை 90 கிலோநியூட்டன். கம்பியில் சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் மட்டும் ஏற்றலாம் என்று வைத்தால் 450 சதுர மி.மீ. எஃகு தேவை. 12 மி.மீ. கம்பி நான்கு போட்டால் சரியாக வருகிறது. அவை விரிசலைத் தடுக்காது. விழுந்த விரிசல் அகலாமல் பிடித்து வைத்திருக்கும்.