எந்தப் பதிப்பு, யார் மெய்ப்பு பார்த்தது?

திருவானைக்கா அம்மனைப் பாடும் அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ், திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் இருந்து பாடம் சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இயற்றியது. அவருடைய பிரபந்தங்களைத் திரட்டி அச்சேற்றியவர் மாணவர் உ.வே.சாமிநாதையர். இன்று அவற்றைப் படிக்க விரும்பும் ஸ்ரீரங்கத்து மாணவி பழைய புத்தகக் கடைகளில் அலைய வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அங்குள்ள கோப்புகளின் தலைப்பில் மூலநூலின் ஸ்கேன் படியைத் தந்தவர் யார், தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்பு பார்த்தவர் யார் என்ற நன்றிக் குறிப்பு இருக்கும். பிறருக்குக் கொடுக்கும்போது அந்த முகப்பை நீக்காதீர்கள் என்ற வேண்டுகோளும் உண்டு. அதே நூல் வாட்ஸ்அப்பில் சுற்றி வரும்போது பெரும்பாலும் முதலில் காணாமல் போவது இந்தப் பக்கம்தான். மரியாதைக்காகப் போட்ட பக்கம் போனால் என்ன என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நூலின் நம்பகமே போய்விடுகிறது என்பது என் வாதம்.

காரணம் எழுத்திலேயே இருக்கிறது. பழைய அச்சு நூல்கள் பலவற்றில் ரகரத்துக்குக் கீழ்க்கோடு கிடையாது. அதுவும் துணைக்காலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் அதனால் ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று படித்துவிடும். இதையாவது கண் பிடித்துவிடும். ‘அவர்’ என்பது ‘அவா்’ என்று பதிவாகிவிட்டால், அதாவது ரகரத்துக்குப் பதில் துணைக்காலின் மேல் புள்ளி விழுந்துவிட்டால், திரையில் வேறுபாடே தெரியாது. தேடினால் மட்டும் சொல் அகப்படாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, ணை, லை வடிவங்கள் தரும் தொல்லை இன்னொன்று. ஒரு கோப்பை மனிதர் எவரேனும் மூலத்தோடு ஒப்பிட்டாரா என்பதை மெய்ப்பு பார்த்தவரின் பெயர்தான் சொல்கிறது. எந்த ஆண்டுப் பதிப்பு என்ற குறிப்பு இருந்தால், ஐயம் வரும் இடத்தில் மூலத்தைத் திறந்து பார்க்கலாம். தமிழ் விக்கிமூலம் இதை இன்னும் நன்றாகச் செய்கிறது. ஒரு பக்கம் ஸ்கேன் படம், மறுபக்கம் எழுத்து; ஒருவர் மெய்ப்பு பார்த்ததும் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்ததும் பச்சை. படிப்பவர் நிறத்தைப் பார்த்தே எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்யலாம்.

உரிமைக் குறிப்பும் இப்படித்தான். பிள்ளையவர்களின் சரித்திரத்தை உ.வே.சா. 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். அவர் மறைந்தது 1942. ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு என்பது இந்தியச் சட்டத்தின் கணக்கு. ஆகவே 2003 ஜனவரி 1 முதல் அந்நூல் பொதுச்சொத்து. ஆனால் கைக்குக் கிடைத்தது பிந்தைய மறுபதிப்பு என்றால், அதில் 1988இல் மறைந்த கி.வா.ஜகந்நாதனைப் போன்ற ஒருவர் எழுதிய முன்னுரையோ குறிப்போ இருந்தால், அந்தப் பகுதிக்கு 2048 முடியும்வரை உரிமை உண்டு. அட்டையைக் கிழித்துவிட்டு ‘பழைய நூல், இலவசம்’ என்று எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். முதற்பதிப்பின் தலைப்புப் பக்கத்தை ஸ்கேனில் விடாமல் சேர்த்து, ‘1933 பதிப்பிலிருந்து, பொதுச்சொத்து’ என்று ஒரு வரி எழுதினால் போதும், எவரும் அச்சமின்றி எடுத்தாளலாம்.

வாசகருக்கு வேண்டியது பாட்டுத்தானே, இந்த விவரங்களை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். எல்லோரும் படிக்க வேண்டியதில்லை; ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும் ஒருவருக்குப் பயன்பட்டால் போதும். அதற்கு அச்சுநூலின் பக்க எண்ணும் வேண்டும். கைப்பேசிக்கேற்ற வாசிப்புப் பக்கத்தில் வரிகள் மாறி ஓடுவதால், பழைய பக்கம் எங்கே முடிந்தது என்பதை இடையே குறித்தால்தான் மேற்கோள் நிற்கும். இலவசமாகக் கொடுத்தால் பதிப்பாளர் பிழைப்பு கெடும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. உரிமையுள்ள நூலுக்கு அது முழுக்க நியாயம். அதைக் கேட்காமல் ஏற்றுவது திருட்டுத்தான். எழுத்தாளரே மனமுவந்து கொடுப்பது வேறு: 2013 முதல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் அத்தகைய நூல்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறது. எந்த நூல் எந்த வகை என்று பிரித்துக் காட்டுவதும் அதே ஒரு வரிதான்.

குறிப்பு தளத்தில் மட்டும் இருந்தால் போதாது, கோப்புக்குள்ளேயே முதல் பக்கமாக இருக்க வேண்டும். தளம் மூடப்பட்டாலும் கோப்பு கைமாறிக்கொண்டே இருக்கும். அடுத்த முறை ஒரு பழைய நூலை நண்பருக்கு அனுப்பும்போது அந்த முதல் பக்கத்தோடு அனுப்புங்கள்.