ஒரே வீடு, மூன்று கையொப்பங்கள்

கிழக்குப் பெங்களூரில் காக்ஸ் டவுனை ஒட்டியுள்ள ஜீவனஹள்ளியில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 33,000 ரூபாய்; முன்பணம் 1,50,000 ரூபாய். வீட்டு உரிமையாளருடன் செய்துகொண்ட பதினொரு மாத ஒப்பந்தத்தில் மூவரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் அவர்கள் உரிமையாளருக்குக் கொடுத்த வாக்கு. தங்களுக்குள் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 43ஆம் பிரிவில் இதைப் பற்றிப் பேசுகிறது. கூட்டாக வாக்களித்தவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. அவ்வாறு செலுத்தியவர் மற்றவர்களிடமிருந்து அவரவர் பங்கைப் பெறலாம். வேறு ஏற்பாடு இல்லையெனில் அது சம பங்கு. ஆகவே பெரிய அறைக்காரர் 13,000 ரூபாயும் மற்ற இருவர் தலா 10,000 ரூபாயும் தருவதானால், அதை மூவரும் எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்கட்டணத்தைச் சமமாகப் பிரிக்கலாம். ஓர் அறையில் மட்டும் குளிர்சாதனம் இருந்தால் அதற்குத் துணை மீட்டர் பொருத்தி, அந்தச் செலவைத் தனியே கணக்கிடலாம். அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு ஆகியவை பொதுக்கணக்கு. பாலும் முட்டையும் அவரவர் கணக்கு. பத்து நாளுக்கு மேல் ஊருக்குச் சென்றவருக்கு மளிகையில் மட்டும் கழிவு தரலாம். இணையக் கட்டணத்தில் கழிவு வேண்டாம். சமையலறையையும் குளியலறையையும் வாரமொருவர் கழுவ வேண்டும். முறை தவறினால் அடுத்த வாரமும் அவருடையதே.

பெரும் பிணக்கு எழுவது ஒருவர் இடையில் வெளியேறும்போதுதான். பெங்களூரில் வீட்டைக் காலி செய்கையில் வண்ணம் பூசுவதற்கென ஒரு மாத வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்வது பரவலான வழக்கம். நம் எடுத்துக்காட்டில் அது தலைக்கு 11,000 ரூபாய். அதாவது மாதத்துக்கு 1,000 ரூபாய். ஐந்தாம் மாத முடிவில் ஒருவர் விலகினால், அவர் செலுத்திய 50,000 ரூபாயில் 5,000 ரூபாய் குறையும். அவருக்குப் பதில் வருபவர் 45,000 ரூபாயை அவரிடம் கொடுப்பார். ஒப்பந்த முடிவில் புதியவருக்கு 39,000 ரூபாய் திரும்பும். அவர் இழப்பது தாம் வாழ்ந்த ஆறு மாதங்களுக்குரிய 6,000 ரூபாய் மட்டுமே. இக்கணக்கை முன்பே எழுதாவிட்டால், முழுச் சுமையும் கடைசியில் வந்தவர் தலையில் விழும்.

விலகுபவர் ஒரு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும் என்றும், அதுவரை அவருடைய பங்கு தொடரும் என்றும் சேர்த்து எழுதுவது நல்லது. புதியவரின் பெயரை உரிமையாளரின் ஒப்பந்தத்திலும் எழுத்து மூலம் மாற்ற வேண்டும். இல்லையேல் சென்றவரின் பொறுப்பு நீங்காது. பங்குத்தொகையை வங்கி வழியே, எந்த மாத வாடகை என்ற குறிப்புடன் அனுப்பினால், கணக்கு அறிக்கையே சான்றாக நிற்கும்.