கடைசி இருபது நிமிடம்

விளையாட்டு ஆய்வுக்கூடத்தில் லாக்டேட் சோதனைக்கு வருபவரை டிரெட்மில்லில் ஓடவிடுவார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் விரல் நுனியிலோ காது மடலிலோ ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 1 மில்லிமோல் லாக்டேட் இருக்கும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் அது பெரிதாக மாறுவதில்லை. வேகம் கூடக் கூட ஓரிடத்தில் வரைபடக் கோடு சட்டென்று மேலே வளையும். அந்த வளைவுதான் லாக்டேட் எல்லை. ஓட்டக்காரர்கள் 'த்ரெஷோல்டு' என்பார்கள்.

லாக்டேட் ஒன்றும் நஞ்சு அல்ல. மறுநாள் கால் வலிப்பதற்கு அதன்மேல் பழி போடும் பழக்கம் இன்னும் போகவில்லை என்றாலும், உண்மையில் இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. உற்பத்தியாவதும் செலவாவதும் ஈடுகட்டும்வரை ஓட்டம் நிலையாகப் போகும். எல்லையைத் தாண்டினால் லாக்டேட் சேர்ந்துகொண்டே போகும், ஓடுகிறவர் விரைவில் தளர்ந்துவிடுவார். நல்ல பயிற்சியுள்ளவர் இந்த எல்லையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பார்.

ஆய்வுக்கூடமும் ஊசியும் இல்லாமல் அந்த எல்லையில் இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று கணிக்க ஒரு வழி உண்டு. அதைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பயிற்சியாளர் ஜோ ஃப்ரீல். தனியாக, முப்பது நிமிடம், முழு மூச்சாக ஓட வேண்டும். பத்தாவது நிமிடத்தில் கைக்கடிகாரத்தின் 'லேப்' பொத்தானை அழுத்த வேண்டும். கடைசி இருபது நிமிடத்தின் சராசரித் துடிப்புதான் விடை. இந்த அரை மணி நேர ஓட்டத்தை வேறு சில களச் சோதனைகளோடு ஒப்பிட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்விலும் ஆய்வுக்கூட முடிவுக்கு இதுவே நெருங்கி வந்தது.

எல்லையில் ஒரு மணி நேரம் ஓடலாம் என்றால் சோதனை ஏன் அரை மணி நேரம்? போட்டியில் முன்னால் ஓடுகிறவரின் முதுகும் கூட்டத்தின் கைதட்டலும் நம்மை இழுத்துக்கொண்டு போகும். தனியே ஓடும்போது அந்த வேகத்தை ஒரு மணி நேரம் பிடித்துவைக்க மனம் ஒத்துழைக்காது. தனிமையில் அரை மணி நேரம் தருகிற உழைப்பு, போட்டியில் ஒரு மணி நேரம் தருகிற உழைப்புக்குச் சமம் என்பது ஃப்ரீலின் கணக்கு. அதனால்தான் அரை மணி நேரப் போட்டி ஒன்றின் சராசரியை எடுத்துக்கொண்டால் எண் கூடுதலாகக் காட்டும். முதல் பத்து நிமிடத்தை விடுவதற்குக் காரணம் வேறு. கால்கள் உடனே வேகம் பிடித்துவிடும்; இதயம் நிதானமாகத்தான் ஏறி வரும். அந்த ஏற்றத்தையும் சேர்த்தால் சராசரி கீழே இறங்கிவிடும்.

சென்னையில் 42 வயது ஓட்டக்காரர் ஒருவர் இதைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை, 400 மீட்டர் டிராக். முந்தைய இரண்டு நாட்கள் கடும் ஓட்டம் எதுவும் இல்லை. மணிக்கட்டுச் சென்சாரை நம்பாமல் மார்புப் பட்டை அணிந்திருக்கிறார். மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் கருவி சில நேரம் துடிப்பை விட்டுவிட்டு காலடிகளை எண்ணத் தொடங்கிவிடும். துடிப்பு திடீரென்று 175க்குத் தாவி அங்கேயே நின்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குகிறார். முதல் பத்து நிமிடத்தில் 1.95 கிலோமீட்டர், அடுத்த பத்தில் 1.93, கடைசிப் பத்தில் 1.92. மொத்தம் 5.8 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 10 விநாடி. முதல் பத்து நிமிடச் சராசரித் துடிப்பு 161, கடைசி இருபதின் சராசரி 172. அவருடைய எண் 172.

இந்த எண்ணை நம்பலாமா என்பதை அந்த மூன்று தூரங்களே சொல்லிவிடும். அவை ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கின்றன. பலர் முதல் ஐந்து நிமிடத்தில் பாய்ந்துவிட்டு, கடைசியில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள், தூரம் 2.1, 1.9, 1.75 என்று சரியும். அப்படியானால் ஒரு வாரம் கழித்து நிதானமாகத் தொடங்கி மறுபடி ஓட வேண்டும். வேகம் குறையக் குறையத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால் வெயிலும் நீரிழப்பும் புகுந்துவிட்டன என்று பொருள். சென்னையில் மே மாதம் இந்தச் சோதனைக்கு உகந்ததல்ல.

கடைசி நிமிடத்தில் அவருடைய துடிப்பு 180ஐத் தொட்டது. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய சூத்திரப்படி அவருடைய உச்சத் துடிப்பே 178தான்! அந்தச் சூத்திரம் கூட்டத்தின் சராசரி. தனி மனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின்னாக இருப்பது சாதாரணம். அதை வைத்து வகுத்த பயிற்சி அட்டவணை அவருக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பில்லை.

இனி 172ஐ வைத்து என்ன செய்வது? ஓட்டத்துக்கு ஃப்ரீல் வகுத்த மண்டலங்களில் இரண்டை மட்டும் பார்த்தால் போதும். இலகு ஓட்டத்தின் மேல்வரம்பு எல்லைத் துடிப்பில் 89 விழுக்காடு; இவருக்கு 153. எல்லைப் பயிற்சி 95 முதல் 99 விழுக்காடு வரை, அதாவது 163 முதல் 170 வரை.

சிக்கல் பெரும்பாலும் முதலாவதில்தான். இலகு ஓட்டம் என்று கிளம்பி 160இல் ஓடிவிட்டு வருவது மிகப் பரவலான பழக்கம். அது இளைப்பாறலும் இல்லை, உருப்படியான கடும் பயிற்சியும் இல்லை. 153ஐத் தாண்டக்கூடாது என்று கட்டுப்படுத்திக்கொண்டால் முதல் சில வாரங்கள் சிறுவர்கள்கூட முந்திச் செல்வார்கள். மேம்பாலம் ஏறும்போது நடக்கவும் வேண்டியிருக்கும். புழுக்கமான நாளில் வேகம் இன்னும் குறையும், குறையட்டும்.

வாரம் ஒரு நாள் எல்லைப் பயிற்சி: பத்து நிமிடம் வீதம் மூன்று முறை, நடுவே இரண்டு மூன்று நிமிடம் மெல்லோட்டம். இங்கே ஒரு கண்ணி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் துடிப்பு 163ஐ எட்டவே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். எண் இன்னும் வரவில்லையே என்று வேகத்தைக் கூட்டினால் ஐந்தாவது நிமிடத்தில் 175இல் நிற்பார். தொடக்கத்தில் மூச்சையும் வேகத்தையும் வைத்து ஓடி, பிறகு கடிகாரத்தைப் பார்ப்பதே சரி. 200 மீட்டர், 400 மீட்டர் விரைவோட்டங்களில் இதயம் ஏறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடுவதால் துடிப்பைப் பார்ப்பதில் பயனில்லை.

ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு முறை சோதனையைத் திரும்பச் செய்யலாம். எண் ஏறவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஏற்கெனவே பயிற்சியுள்ளவருக்கு எல்லைத் துடிப்பு அதிகம் நகராது. அதே துடிப்பில் கடக்கும் தூரம்தான் கூடும். இரண்டு மாதம் கழித்தும் 172 என்று வந்து, அரை மணி நேரத்தில் 6 கிலோமீட்டர் ஓடியிருந்தால் அவர் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி முன்னேறியிருக்கிறார்.

இந்த எண் ஓட்டத்துக்கு மட்டும்தான். சைக்கிளில் உடல் எடையை இருக்கை தாங்குவதால் எல்லைத் துடிப்பு பெரும்பாலும் குறைவாக இருக்கும். அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பை மருந்தே அடக்கிவைப்பதால் மாத்திரை மாறும்போது எண்ணும் மாறிவிடும். அவர்களும், இதயக் கோளாறு உள்ளவர்களும், ஓடும்போது நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தவர்களும் மருத்துவரைப் பார்க்காமல் இந்த முப்பது நிமிடத்தில் இறங்கக்கூடாது.