பத்துக் கணினி, பல கைகள்

கேமிங் சென்டர் திறப்பவர் விளையாட்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன் கணக்கு யாருடையது என்று பார்க்க வேண்டும். வாலரன்ட், டோட்டா 2 போன்றவை இலவசம். வருபவர் தன் கணக்கில் நுழைந்து ஆடிவிட்டுப் போவார்.

காசு கொடுத்து வாங்குவதில்தான் சிக்கல். வீட்டுக்கு வாங்கிய பிரதியைக் கடையில் ஓட்டப் பொதுவாக உரிமம் இடம் தராது. ஸ்டீமில் இதற்கென்றே தனி கஃபே திட்டம் இருக்கிறது.

கதை விளையாட்டில் இன்னொரு தொல்லை. நேற்று ஒருவர் பாதியில் சேமித்ததன் மேல் இன்று வந்தவர் சேமித்துவிடுவார், அப்புறம் பஞ்சாயத்துதான்! 100 ஜிபிக்கு மேல் விழுங்கும் ஜிடிஏ 5-ஐ 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கணினிகளில் இரண்டில் மட்டும் ஏற்றினால் போதும். மிச்ச இடத்தில் ராக்கெட் லீக்: ஒரே திரை, இரண்டு கன்ட்ரோலர், அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடலாம்.

விண்டோஸ் 11-ல் செக்யூர் பூட் அணைந்திருந்தால் வாலரன்ட் VAN9003 என்று காட்டி நின்றுவிடும். பயாஸில் அதை இயக்க வேண்டும், ஒவ்வொரு கணினியிலும்.